கை மங்கிப்போன வகுப்பு

காது கேளாத பிள்ளைகளுக்கு மலைமேல் இருக்கும் வாழவந்தி நாடு என்ற ஊரில் எங்கள் வீட்டிலிருந்தே வீடியோவில் சைகை மொழியில் பாடம் நடத்துகிறேன். மாதக் கடைசி வந்தால் என் கைகள் திரையில் கலங்கிப் போகும். விரல் எது, உள்ளங்கை எது என்று பிள்ளைகளுக்குத் தெரியாது. ஒருவன் புத்தகத்தை மூடிவிட்டுப் போயே போய்விட்டான்.

பிராட்பேண்ட் கம்பெனிக்கு போன் செய்தேன்.

"உங்க பிளான் அன்லிமிடெட் மேடம். லிமிட் தாண்டினா வேகம் மட்டும் குறையும். வாய்ஸ் கேக்குதுல்ல?"

"அவங்களுக்குக் காதே கேக்காதுங்க!"

 "வேற ஏதாவது உதவி வேணுமா மேடம்?" என்றார்கள்.

எனக்கு வந்த கோபத்தில் அன்றே கம்பெனிக்கு மின்னஞ்சல் எழுதினேன். அளவில்லாதது என்று விளம்பரம் செய்துவிட்டு, எந்த அளவைத் தாண்டினேன் என்கிறீர்கள்? நான் அனுப்புவதும் அந்தக் கணக்கில் சேருமா, இறக்குவது மட்டும்தானா? வேகம் இரண்டு பக்கமும் குறையுமா? எந்தத் தேதியில் பழையபடி ஆகும்? முன்கூட்டி ஏன் சொல்லவில்லை?

முதலில் வந்தது, 'எங்களைத் தொடர்பு கொண்டதற்கு நன்றி' என்ற ஒரு வரி மட்டும். அதே கேள்விகளைக் கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு அனுப்பிய பிறகுதான் உருப்படியான பதில் கிடைத்தது. அனுப்புவதும் இறக்குவதும் சேர்த்துத்தான் கணக்காம். வரம்பு முடிந்தால் இரண்டு பக்கமும் நொடிக்கு இரண்டு மெகாபிட் வேகம்தான், அடுத்த பில் தேதி வரை. பாதி தீர்ந்தபோதும், முடியப்போனபோதும், முடிந்தபோதும் பதிவு செய்த எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பினார்களாம்.

பதிலில் இருந்த அந்த எண் என்னுடையதல்ல. இணைப்புக் கொடுத்த கேபிள்காரருடையது.

வண்டியை எடுத்துக்கொண்டு அவர் கடைக்குப் போனேன்.

"ஏனுங்க, எனக்கு வர்ற மெசேஜ் உங்க போனுக்கு வந்திருக்கே, ஒரு வார்த்தை சொல்லக்கூடாதுங்களா?"

"சீக்கிரம் லைன் குடுக்கோணும்னு எல்லாத்துக்கும் என் நம்பரையே போட்டுட்டேனுங்க. நாளெல்லாம் வந்துட்டே இருக்குது. எது யாருதுன்னு பாக்கறது?" என்றார். மலையில் எத்தனை வீட்டு எச்சரிக்கை அந்த ஒரு போனுக்குள் கிடந்ததோ!

அங்கேயே நின்று எண்ணை மாற்ற வைத்தேன். வீட்டுக்கு வந்து, அப்படி எதை அனுப்பிக்கொண்டிருந்தோம் என்று தேடினோம். மிளகு காயும் களத்தைப் பார்க்க என் வீட்டுக்காரர் வைத்த கேமரா, இரவு பகலாகப் படத்தை இணையத்துக்கு ஏற்றிக்கொண்டிருந்தது. வேகம் குறைந்தபின் மிச்சமிருந்ததையும் அதுவே தின்றிருக்கிறது.

"அன்லிமிடெட்னு சொன்னதாலதான வச்சேன்?" என்றார் அவர். அவரைக் கோபித்து என்ன செய்ய? கேமராவுக்குள்ளேயே மெமரி கார்டு போட்டுப் பதிவை அதில் சேமிக்க வைத்தோம்.

அடுத்த மாதக் கடைசியில் கைகள் தெளிவாகத் தெரிந்தன. எழுந்து போன பையன் திரும்பி வந்தான். விட்டுப்போன பின்னக் கணக்குகளை அவனுக்கு மறுபடி முதலிலிருந்து நடத்தினேன். விளம்பரத்தில் அந்த வரம்பையும் ஏன் பெரிதாகப் போடவில்லை என்று கேட்டு இன்னொரு மின்னஞ்சலும் அனுப்பியிருக்கிறேன். அதற்கு இன்னும் நன்றிதான் வந்துகொண்டிருக்கிறது.