எல்லா மெயிலுக்கும் சிவப்புக் குறி

எங்கள் மேனேஜருக்கு அவசரம் ஒரு வியாதி. டீ சொன்னாலும் அவசரம், ஸ்டேப்ளர் பின் தீர்ந்தாலும் அவசரம். நாமக்கல்லில் கேஸ் டேங்கர் லாரிகள் ஓட்டும் ஒரு டிரான்ஸ்போர்ட் ஆபீஸில் நான் வேலை பார்க்கிறேன். எந்த வண்டி எங்கே லோடு ஏற்றுகிறது, எந்த பிளான்டில் இறக்குகிறது என்று பார்ப்பதும், பிளான்டுகளுக்கு மெயில் போடுவதும் என் வேலை. என் கூடப் பிறந்த அண்ணன் அதே கம்பெனியில் டிரைவர். வேலைக்கு என்னைச் சேர்த்துவிட்டதே அவன்தான். அதை வருஷத்துக்கு நாலு தடவையாவது சொல்லிக்காட்டுவான்.

மெயில் எழுதும் இடத்தில் மேலே இரண்டு சின்னக் குறிகள் இருக்கும். சிவப்பு ஆச்சரியக்குறியை அழுத்தினால் இது முக்கியம் என்று அர்த்தம். நீலத்தில் கீழே பார்த்த அம்பு, மெதுவாகப் பார்த்தால் போதும் என்பதற்கு. இரண்டையும் தொடாமல் விட்டால் சாதாரண மெயில். குறி போட்டதால் மெயில் ஒன்றும் வேகமாகப் பறந்து போகாது. வாங்குகிறவர் கண்ணுக்கு ஓர் அடையாளம், அவ்வளவுதான். இதை மேனேஜரிடம் எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். ஒரு நாள் வேறு கம்பெனி வண்டியை எங்கள் வண்டிக்கு முன்னால் இறக்கிவிட்டார்கள் என்று அவருக்குக் கோபம் வந்தது. நேராக என் சீட்டுக்கு வந்து, கம்ப்யூட்டர் செட்டிங்ஸைத் திறந்து, எந்த மெயில் எழுதினாலும் தானாகவே சிவப்புக் குறி விழும்படி மாற்றிவைத்துவிட்டுப் போனார்.

அதிலிருந்து எங்கள் ஆபீஸ் மெயில் எல்லாம் சிவப்புதான். இன்சூரன்ஸ் காப்பி அனுப்பினாலும் சிவப்பு. ஆயுத பூஜை வாழ்த்துக்கும் சிவப்பு. தலைப்பில் 'வெரி வெரி அர்ஜென்ட்' என்று வேறு போடச் சொல்வார். டிரைவர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது. அதிலும் விடிந்தால் 'அவசரம்', பொழுது போனால் 'மிக அவசரம்'. யூனிபார்ம் பட்டன் போடச் சொல்வதுகூட அங்கே அவசரம்தான்.

அன்று காலை அண்ணனின் வண்டி பெங்களூர்ப் பக்கம் ஒரு பாட்லிங் பிளான்டுக்குள் போய்விட்டது. அங்கே சிலிண்டரில் கேஸ் அடைப்பார்கள் என்பதால் வாசலிலேயே தீப்பெட்டி, பீடி, செல்போன் எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொள்வார்கள். கேஸை இறக்கி முடித்து வெளியே வரும்போதுதான் போன் கைக்கு வரும். அதுவரை டிரைவர் எங்களுக்குக் கிடைக்கமாட்டான். இதெல்லாம் தினப்படி நடப்பதுதான், யாரும் கவலைப்படுவதில்லை.

சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் எங்கள் ஒர்க்‌ஷாப் மெக்கானிக் படியேறி வந்தார். கையெல்லாம் கிரீஸ். கையைத் துடைக்காமல் அவர் ஆபீஸுக்குள் வந்து நான் பார்த்ததே இல்லை.

"உங்க அண்ணன் வண்டி எங்கீங்க இருக்குது?" என்றார்.

"பிளான்டுல இறக்கிட்டு இருக்குது. ஏனுங்க?"

அவர் என்னைப் பார்க்காமல் மேனேஜரைப் பார்த்துச் சொன்னார். பிரேக்குக்குக் காற்று போகும் சேம்பருக்குள் ரப்பர் தகடு ஒன்று இருக்கும். போன சர்வீஸில் இரண்டு வண்டிகளுக்கு அதைப் புதிதாக மாற்றினார்கள். இரண்டும் ஒரே பெட்டியில் வந்த சாமான். அதில் ஒரு வண்டி இப்போது ஷெட்டுக்குள் திரும்பும்போதே தகடு கிழிந்து காற்றெல்லாம் போய், சுவரில் இடித்து நின்றிருக்கிறது.

"மட்ட சாமானுங்க. கையில மடக்குனாலே விரிசல் உடுது. இன்னொன்னு இவங்க அண்ணன் வண்டியிலதான் கெடக்குது. சமதரைன்னா சமாளிச்சு நிறுத்திருவான். எறக்கத்துல மிதிச்சு மிதிச்சு வந்தான்னா..." என்று நிறுத்திக்கொண்டார்.

அவர் முடிக்கத் தேவையில்லை. அங்கிருந்து திரும்பி வர ஒரே வழி தொப்பூர் இறக்கம். எங்கள் ஊரில் லாரிக்காரன் வீட்டில் பிறந்த எவருக்கும் அந்தப் பெயர் தெரியும், பிரேக் போன லாரிகள் வரிசையாக மோதி நொறுங்கின மலைச்சாலை அது. கேஸை இறக்கின காலி டேங்கர் என்று பேருக்குச் சொல்லலாம். உள்ளே ஆவி நிறைந்துதான் இருக்கும். அம்மாவுக்கு என்ன சொல்வது என்றுதான் முதலில் தோன்றியது. சீ, என்ன புத்தி இது என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

பிளான்ட் வாசல் செக்யூரிட்டிக்குப் போன் போட்டேன். அந்த எண் உபயோகத்தில் இல்லை என்றது. செக்யூரிட்டி கம்பெனி மாறியிருக்கிறது, புது எண்ணை யாரும் எங்களுக்குத் தரவில்லை. உள்ளே டெஸ்பாட்ச் மேஜையில் ஒரு லேண்ட்லைன் உண்டு. அது அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பார் இல்லை. எங்கள் மற்ற வண்டிகளில் ஒன்றுகூட அந்தப் பக்கம் இல்லை. மிச்சம் இருந்தது டெஸ்பாட்ச் மெயில்தான். வண்டியை வெளியே விடும் சீட்டு அந்த மேஜையில்தான் கையெழுத்தாகும்.

மேனேஜர் என்னை எழுப்பிவிட்டு அவரே உட்கார்ந்து அடித்தார். தலைப்பு, வெரி வெரி அர்ஜென்ட். உள்ளே, உடனே தொடர்பு கொள்ளவும். அனுப்பினார். பதில் இல்லை. இன்னொரு 'வெரி' சேர்த்து மறுபடியும் அனுப்பினார். அதற்கும் இல்லை. நான் டிரைவர் குரூப்பில் 'அண்ணா, வண்டிய எடுக்காத, பிரேக் போச்சு' என்று எழுதினேன். குரலிலும் போட்டேன். அவன் எண்ணுக்குத் தனியாக அனுப்பத் தோன்றவில்லை, வண்டிச் செய்தி எல்லாம் குரூப்பில்தான் என்று கைக்குப் பழகிவிட்டது. வெளியே வந்து போனை வாங்கினால் உடனே பார்த்துவிடுவான் என்று ஒரு தைரியம். அந்த ஒரு தைரியத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

பக்கத்துத் திரையில் ஜிபிஎஸ் திறந்திருந்தது. அண்ணனின் வண்டி பிளான்டுக்குள் ஒரு பச்சைப் புள்ளியாக நின்றது. அது நகர்ந்துவிடுமோ என்று பார்க்கவும் பயம், பார்க்காமல் இருக்கவும் பயம். கண்ணை மூடித் திறக்கும்போதெல்லாம் நகர்ந்துவிட்ட மாதிரியே இருந்தது.

"என்னம்மா இவனுங்க, இத்தனை சிவப்புப் போட்டும் பாக்க மாட்டேங்கறானுங்க?" என்றார் மேனேஜர்.

எனக்கு வந்ததே ஆத்திரம். "தெனமும் சிவப்புப் போட்டா இன்னிக்கு மட்டும் எப்படிங்க சார் தெரியும்? பூஜை வாழ்த்துக்கும் இதே சிவப்பு, பிரேக்குக்கும் இதே சிவப்பா?" என்றேன். அவரிடம் நான் அப்படிப் பேசியதே இல்லை.

கத்திய பிறகுதான் மூளை வேலை செய்தது. அந்த டெஸ்பாட்ச் மேஜையிலிருந்து எனக்கு உடனே பதில் வந்தது ஒரே ஒரு தடவை. அண்ணன் கண்ணாடியை அங்கே மறந்துவிட்டு வந்தபோது, பஸ்ஸில் போகும் வழியில் என் போனிலிருந்து ஆபீஸ் மெயிலில் கேட்டிருந்தேன். ஸ்டாப்பில் இறங்குவதற்குள் பதில் வந்துவிட்டது, செக்யூரிட்டி மேஜையில் இருக்கிறது என்று. மேனேஜர் செய்து வைத்த செட்டிங் அந்தக் கம்ப்யூட்டரோடு சரி. என் போனிலிருந்து போனது குறியே இல்லாத சாதாரண மெயில்.

ஒரு கண்ணாடிக்குக் கிடைத்த மரியாதை என் அண்ணனுக்குக் கிடைக்கவில்லையே என்று இருந்தது. போனை எடுத்தேன். இரண்டு தடவை தப்பாக அடித்து அழித்தேன். அவசரம் என்ற வார்த்தையை எங்கேயும் போடவில்லை. தலைப்பில் வண்டி எண், அதன் பக்கத்தில் 'பிரேக் பழுது, கேட்டுக்கு வெளியே விட வேண்டாம்'. உள்ளே இரண்டே வரி. எந்தப் பாகம் கெட்டிருக்கிறது என்று ஒன்று. டிரைவர் என் அண்ணன், அவனுக்கு இது தெரியாது, என் எண்ணுக்குக் கூப்பிடுங்கள் என்று இன்னொன்று. அனுப்பிவிட்டுப் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

பச்சைப் புள்ளி நகர்ந்தது. இறக்கும் இடத்திலிருந்து கேட்டைப் பார்த்து மெதுவாக வந்தது. மெக்கானிக் "முருகா" என்று முனகியது என் காதில் விழுந்தது. கேட்டுக்கு உள்பக்கமே புள்ளி நின்றது. எடைபோட நிற்கிறதா, சீட்டுக்கு நிற்கிறதா, யாராவது நிறுத்திவிட்டார்களா என்று ஒன்றும் தெரியவில்லை.

அப்புறம் என் போன் அடித்தது. தெரியாத எண். ஒரு பெண் குரல், மூச்சு வாங்கிக்கொண்டு, பெங்களூர்த் தமிழில் பேசியது.

"டெஸ்பாட்ச்லேருந்து பேசறேன்மா. மேஜை போன் கெட்டுப்போச்சு, செக்யூரிட்டி போன்ல கூப்பிடறேன். சீட்டுல கையெழுத்துப் போட்டு நீட்டிட்டேன், அப்பத்தான் உன் மெயிலு கண்ணுல பட்டுச்சு. ஓடி வந்து நிறுத்திட்டேன். வண்டி உள்ளதான் இருக்கு."

நான் நன்றி சொன்னேனா என்று நினைவில்லை. அழுதேன் என்பது நினைவிருக்கிறது. அந்த அம்மா தயங்கித் தயங்கிச் சொன்னார். "தப்பா எடுத்துக்காதம்மா. உங்க ஆபீஸ்லேருந்து எது வந்தாலும் சிவப்பாத்தான் வருது. ஒரு நாளைக்கு எத்தனைன்னு பாக்கறது? அதான் உங்க சிவப்பு மெயிலெல்லாம் தானாவே தனி ஃபோல்டருக்குப் போற மாதிரி ரூல் போட்டு வெச்சிருக்கேன். சாயந்தரம் வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடிதான் தொறப்பேன். இது வெறும் மெயிலா வந்துச்சு, அதனால நேரா கண்ணு முன்னாடி நின்னுச்சு."

அவரை என்ன குறை சொல்வது? அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன். ஸ்பீக்கரில் மேனேஜரும் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். எழுந்து போய் ஜன்னல் பக்கம் நின்றுகொண்டார்.

பிளான்டுக்கு வெளியே இருந்த ஒரு மெக்கானிக்கை வரவழைத்தார்கள். வண்டியைக் கேட்டுக்கு வெளியே ஓரமாக நிறுத்தி, முன் சக்கரத்துச் சேம்பரைக் கழற்றியபோது ரப்பர் தகட்டில் பாதிச் சுற்றுக்கு விரிசல் ஓடியிருந்ததாம். தொப்பூர் வரைக்கும் தாங்கியிருக்கும், தொப்பூரில் தாங்கியிருக்காது என்று அந்த ஆள் சொல்லியிருக்கிறான். இதை அண்ணன்தான் போனில் சொன்னான். கழற்றி முடிக்கும் வரை வண்டியோடவே நின்றுவிட்டு அப்புறம்தான் வாசலில் போனை வாங்கியிருக்கிறான், வாங்கினதும் எனக்குத்தான் முதலில் கூப்பிட்டிருக்கிறான். குரலில் ஒரு கலக்கமும் இல்லை, சாப்பிடவில்லை என்ற எரிச்சல்தான் இருந்தது.

"ஏன் புள்ள இப்படி ஊரைக் கூட்டி வெச்சிருக்கற? எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே ஓரங்கட்டியிருக்க மாட்டனா?"

"சொன்னண்ணா. குரூப்புல எழுதிப் போட்டேன், பேசியும் போட்டேன். நீ வெளிய வந்து போனை வாங்குனதும் பாத்துருவேன்னு அதையே நம்பிக்கிட்டு உக்காந்திருந்தேன். இன்னும் பாக்கலயா?"

"எந்தக் குரூப்பு? நம்ம ஆபீசு குரூப்பா?" என்று சிரித்தான். "அதை மியூட்டுல போட்டு ஆறு மாசம் ஆச்சு சாமி. அதுல வாரதை எல்லாம் பாத்துக்கிட்டிருந்தா வண்டி எப்ப ஓட்டறது? நான் மட்டுமில்ல, ஒரு டிரைவரும் அதைத் தொறக்கறதில்ல."

என் எதிரில் பச்சைப் புள்ளி அசையாமல் நின்றிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்தேன். நான் நம்பி நின்றுகொண்டிருந்த அந்த ஒரு தைரியம் ஆறு மாசமாகவே இல்லை.

"என்ன புள்ள, பேச்சையே காணோம்? லைன்ல இருக்கறயா?" என்று அண்ணன் கேட்டுக்கொண்டே இருந்தான்.