களை வெட்டப்பட்டது, யாரால்?

நான் ஒரு மடையன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் தெரிந்துகொண்டு நீங்கள் வருத்தப்படுவதைவிட, இப்போதே தெரிந்துகொண்டு சிரிப்பது உங்களுக்கும் நல்லது, எனக்கும் நல்லது. மடத்தனத்திலும் இரண்டு சாதி உண்டு. தன்னை மடையன் என்று அறிந்தவன் ஒரு சாதி; தன்னைத் துப்பறிகிறவன் என்று நினைத்துக்கொள்கிறவன் இன்னொரு சாதி. அந்த வருஷம் நான் இரண்டாவது சாதியில் சேர்ந்திருந்தேன்.

யுத்த காலம். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்களெல்லாம் கரியில் ஓடிக்கொண்டிருந்தன. நான் சேலம் டவுனில் ஓர் எலிமெண்டரி பள்ளிக்கூடத்தில் மேல் வகுப்புக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தேன். எங்கள் வட்டாரத்து ஆசிரியர் சங்கம் எல்லாப் பள்ளிக்கூடங்களுக்கும் சேர்த்து ஒரே கேள்வித்தாள் வைத்துப் பரீட்சை நடத்தும். ஒரு பள்ளிக்கூடத்து விடைத்தாள் இன்னொரு பள்ளிக்கூடத்துக்குத் திருத்தப் போகும். தங்கள் பிள்ளைகளுக்குத் தாங்களே மார்க்கை அள்ளிப் போடுவார்கள் என்று ஆசிரியர்களிடம் ஆசிரியர்களுக்கே இருந்த நம்பிக்கை அப்படி.

அந்த முறை ஐந்தாம் வகுப்புத் தமிழ்க் கேள்வித்தாளைப் போடும் பெருமை எனக்குக் கிடைத்தது. இலக்கணக் கேள்வியில் நான்கு வாக்கியம் போட்டுப் பொறி வைத்தேன். ‘கீழ்வரும் வாக்கியங்களில் செயப்பாட்டு வினை வாக்கியங்களை எடுத்தெழுதி, செய்தவரையும் காட்டுக’ என்பது கேள்வி. ‘கதவு தச்சனால் இழைக்கப்பட்டது’ என்று ஒன்று. அது வழிப்போக்கனுக்குக் கொடுக்கும் மோர் மாதிரி, எல்லாருக்கும் உண்டு. அடுத்தது, ‘அவள் வெயிலால் துன்பப்பட்டாள்.’ ‘பட்டாள்’ இருக்கிறது, ‘ஆல்’ இருக்கிறது, ஆனால் செயப்பாட்டு வினை இல்லை. துன்பப்படுவது அவளேதான்; வெயில் காரணம் மட்டுமே. மூன்றாவதுதான் என் செல்லப் பொறி:

‘கடலைக்காட்டில் களைக்கொத்தால் களை வெட்டப்பட்டது.’

இது செயப்பாட்டு வினைதான். ஆனால் ‘களைக்கொத்தால்’ என்பதில் உள்ள ‘ஆல்’ கருவியைக் காட்டுகிறதே தவிர, செய்தவரைக் காட்டவில்லை. செய்தவர் வாக்கியத்தில் சொல்லப்படவே இல்லை. ‘ஆல்’ கண்ட இடமெல்லாம் அடிக்கோடு போடும் பிள்ளைகள் களைக்கொத்தைச் செய்தவராக்கி மாட்டிக்கொள்வார்கள் என்று எண்ணி, எழுதி முடித்த இரவு நானே சிரித்துக்கொண்டேன். நான்காவதை மறந்துவிட்டேன். அதில் யாரும் மாட்டவில்லை போலும்.

எனக்குத் திருத்த வந்த கட்டு, புதுச்சத்திரத்திலிருந்து உள்ளே போகும் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தினுடையது. முதல் தாளைப் பிரித்தேன். மூன்றாவது வாக்கியத்துக்கு நேராக, ‘செய்தவர்: பெண்களால்’ என்றிருந்தது. எந்தப் பெண்கள்? என் வாக்கியத்தில் பெண்வாடையே கிடையாதே! இரண்டாவது தாள்: பெண்களால். மூன்றாவது தாள்: பெண்களால். கட்டு முடியும்வரை பெண்களால், பெண்களால், பெண்களால். ஒரு பிள்ளைகூட களைக்கொத்தைத் தொடவில்லை. ஒரே ஒரு தாளில் மட்டும் ‘எங்கள் அம்மாவால்’ என்றிருந்தது.

எனக்குள் இருந்த துப்பறிவாளன் எழுந்து உட்கார்ந்தான். கேள்வியில் இல்லாத ஒரு சொல் எல்லாத் தாளிலும் எப்படி வரும்? வாத்தியார் பரீட்சை அறையில் நின்று சொல்லிக்கொடுத்தால்தான் வரும். ‘எங்கள் அம்மா’ எழுதியது யார்? காப்பியடித்ததை மறைக்கச் சொல்லை மாற்றிப்போட்ட கைதேர்ந்த கள்ளன்! பரீட்சை முடிந்ததும் விசாரித்தபோது, என் வகுப்புப் பிள்ளைகளில் பாதிப் பேர் களைக்கொத்து என்றும், மீதிப் பேர் ‘அவனால்’ என்றும் எழுதியதாகச் சொன்னது என் சந்தேகத்துக்கு உரம் போட்டது. தறிச் சத்தத்தில் பிறந்து தறிச் சத்தத்தில் வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். அவர்களுடைய வாத்தியாரும் அப்படியே.

உடனே ஒரு ரிப்போர்ட் எழுதினேன். ‘மேற்படி பள்ளியில் விடைகள் சொல்லிக்கொடுக்கப்பட்டிருக்கின்றன’ என்று கம்பீரமாக ஆரம்பித்து, சங்கத்துக் காரியதரிசியிடம் கொண்டுபோனேன். அவர் மூக்குக்கண்ணாடியை இறக்கிக்கொண்டு படித்தார்.

“யாரு சொல்லிக்கொடுத்தா? பார்த்தவங்க இருக்காங்களா?”

“பார்த்தவர்கள் இல்லை. ஆனால் தாள்களே சாட்சி.”

“அந்த ஸ்கூல்ல ஒரே ஒரு டீச்சரம்மாதான். டெம்பரரி. வர்ற சங்கக் கூட்டத்துக்கு ஸ்கூல் டிப்டி இன்ஸ்பெக்டர் வர்றாரு. அந்தம்மாவை நிரந்தரம் பண்றதா, வேண்டாமான்னு அன்னைக்கு அவருகிட்டதான் பேச்சு. இந்தக் காகிதத்தை அங்கே படிச்சா, அதோட அந்தம்மா மூட்டை கட்ட வேண்டியதுதான். யோசிச்சுக்குங்க” என்று அதை என்னிடமே திருப்பித் தந்தார்.

யோசிக்கச் சொன்னால் நான் எப்போதும் தப்பாகத்தான் யோசிப்பேன். இந்த மனிதருக்கு அந்த டீச்சர்மேல் ஏன் இத்தனை கரிசனம் என்று அவரையும் என் சந்தேகப் பட்டியலில் சேர்த்துக்கொண்டேன். கூட்டத்துக்கு முன்னால் நேரில் போய்க் கையும் களவுமாகப் பிடிப்பது என்று தீர்மானித்து, லீவு எழுதிக்கொடுத்துவிட்டு கரி பஸ்ஸில் ஏறினேன். கண்டக்டர் “எங்கீங்க?” என்று கேட்டதற்குக்கூட, “ஒரு கல்யாணம்” என்று மறைத்துச் சொன்னேன். அவர் என் கையிலிருந்த விடைத்தாள் கட்டைப் பார்த்தார். மொய் எழுதப் போகிற ஆள் என்று நினைத்திருப்பார்.

புதுச்சத்திரத்தில் இறங்கி வண்டித்தடத்தில் நடந்தேன். இரண்டு பக்கமும் கடலைக்காடு. வரிசையாகக் குந்தியபடி களை கொத்திக்கொண்டிருந்தவர்கள் தலைநிமிர்ந்து என்னைப் பார்த்தார்கள். நான் அவர்களைச் சரியாகப் பார்க்கவில்லை. தடத்தில் எதிரே வந்த ஒவ்வொருவரும் டீச்சருக்கு முன்னெச்சரிக்கை கொடுக்க ஓடுகிறவர்கள் என்று பயந்து, வேகமாகப் போய்க்கொண்டிருந்தேன்.

பள்ளிக்கூடம் ஒற்றை ஓட்டுக் கட்டடம். டீச்சருக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். நான் யார் என்று சொன்னதும் வாங்க என்று ஒரு ஸ்டூலைப் போட்டார். தாள்கள், ரிப்போர்ட், காரியதரிசி என்று விஷயம் முழுவதையும் சொன்னேன். அவர் முகம் மெல்ல மாறியது.

“எங்க புள்ளைங்க காப்பியடிச்சாங்கன்னு சொல்றீங்களா?”

“நீங்கள் சொல்லிக்கொடுத்ததாகவும் இருக்கலாம்.”

“ஓ, அப்பச் சரிங்க. நான் மட்டும்தான் திருடி” என்றார். “செயப்பாட்டு வினை பார்த்தா ‘யாரால்’னு கேளு, வர்ற பதில்தான் செய்தவர், அப்டின்னு சொல்லிக்கொடுத்தேனுங்க. அது தப்புங்களா?”

“தப்பில்லை. ஆனால் பதில் வாக்கியத்துக்குள் இருந்தால்தானே?”

பிள்ளைகளைப் பார்த்து, “சிலேட்டை எடுத்துக்கிட்டு வெளியே போங்க சாமி. ஆளுக்கொரு மூலையா உக்காருங்க. இவரு சொல்றதை எழுதுங்க” என்றார். என்னைப் பார்த்து, “நீங்களே கேளுங்க. நான் சுவத்தைப் பார்த்து நிக்கிறேன்” என்று சொல்லி, நிஜமாகவே சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

வேப்பமரம், கிணற்றுமேடு, வேலி ஓரம் என்று பிள்ளைகள் சிதறினார்கள். நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு இரண்டு வாக்கியங்கள் சொன்னேன். ‘ஆடு கயிற்றால் கட்டப்பட்டது.’ ‘கவலையால் தண்ணீர் இறைக்கப்பட்டது.’ கவலை என்பது எருது பூட்டிக் கிணற்று நீர் இறைக்கும் சாதனம். இரண்டிலும் ‘ஆல்’ கருவிக்கு. செய்தவர் இரண்டிலும் இல்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் பின்னால் போய் நின்று, யாராவது திரும்பிப் பார்க்கிறார்களா என்று கவனித்தேன். திரும்பிப் பார்த்தவன் நான் ஒருவன்தான். டீச்சர் சுவரைத்தான் பார்க்கிறாரா என்று.

சிலேட்டுகளை வாங்கிப் பார்த்தேன். ஆட்டைக் கட்டியது என்னால், தம்பியால், தாத்தாவால், அக்காவால் என்று ஆளுக்கொன்றாக இருந்தது. ஒரு பெண் ‘யாரும் கட்டலாம்’ என்று எழுதியிருந்தாள். தண்ணீரை இறைத்தது மட்டும் ஏறக்குறைய எல்லாச் சிலேட்டிலும் ‘ஆண்களால்’. ஒருவன் ‘எருதுகளால்’ என்று எழுதியிருந்தான். யோசித்தால் அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

சிலேட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். வேலிக்கு அந்தப்புறம் கடலைக்காடு. அப்போதுதான் குந்தியிருந்தவர்களைச் சரியாகப் பார்த்தேன். வரிசையில் ஒரு ஆம்பிளைகூட இல்லை. எல்லாரும் சேலை கட்டியவர்கள். அதில் ஒருத்தி எழுந்து நின்று, பள்ளிக்கூடத்தைப் பார்த்துக் கையாட்டினாள். வேலி ஓரத்தில் இருந்த ஒரு பையன் பதிலுக்குக் கையாட்டினான்.

“பரீட்சையில் ‘எங்கள் அம்மாவால்’ என்று எழுதியது நீதானா?” என்று கேட்டேன்.

“ஆமாங்க. அந்த வாரம் எங்கம்மாதானுங்க வெட்டுச்சு.”

டீச்சர் சுவரை விட்டுத் திரும்பினார். “ஏனுங்க, உங்க ஊர்ல களை யாருங்க வெட்டறது?”

“எங்கள் ஊரில் களை முளைக்க இடமே இல்லை. வெறும் நூல்தான்.”

அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. நான் அசடு வழிந்துகொண்டு, பிள்ளைகள் காப்பியடிக்கவில்லை, அவர்களுக்குத் தெரிந்ததைத்தான் எழுதியிருக்கிறார்கள் என்று ஒப்புக்கொண்டேன். அத்தோடு வாயை மூடியிருக்கலாம். ஆனாலும் விடை தப்புதான், வாக்கியத்தில் சொல்லாத ஆளை நாம் கொண்டுவந்து நிறுத்தக்கூடாது, ‘செய்தவர் கூறப்படவில்லை’ என்றுதான் எழுத வேண்டும், அதனால் ஒரு மார்க் குறைப்பேன் என்றும் சேர்த்துச் சொன்னேன்.

“குறைச்சுக்குங்க. அது நான் சொல்லிக்கொடுத்ததுல இருந்த ஓட்டை. நாளைக்கே அடைச்சுருவேன்” என்றார். பிறகு, “அந்த ரிப்போர்ட்டு எங்கீங்க?” என்றார்.

பையிலிருந்து எடுத்தேன். பெரிய தியாகம் செய்கிறவனைப்போல இரண்டாகக் கிழிக்கப் போனேன். அவர் சட்டென்று கையை நீட்டித் தடுத்தார்.

“கிழிக்காதீங்க. காரியதரிசி படிச்சுட்டாரில்ல? அவரு எத்தனை பேருகிட்ட சொல்லியிருப்பாரோ. நீங்க கிழிச்சுப்போட்டா, பேசிவச்சு அமுக்கிட்டாங்கன்னு ஒரு பேச்சு வரும். அந்தப் பேச்சோட எனக்கு வேலை நிரந்தரமாகாதுங்க. இன்ஸ்பெக்டர் முன்னாடி நீங்களே இதைப் படிங்க. படிச்சுப்போட்டு, இது தப்பு, நான் வந்து பார்த்தேன், புள்ளைங்க இப்படித்தான் எழுதுனாங்கன்னு முழுசாச் சொல்லுங்க.”

கூட்டத்தை நினைத்துப் பார்த்தேன். அறுபது ஆசிரியர்கள் இருப்பார்கள். பொறி வைத்தவன் நான், துப்பறியக் கிளம்பியவன் நான், பிள்ளைகளை வேப்பமரத்தடியில் தனித்தனியாக உட்காரவைத்து ஆட்டைக் கட்டியது யார் என்று விசாரித்தவன் நான். இதையெல்லாம் என் வாயாலேயே சொல்ல வேண்டுமாம். இந்தக் கதை சங்கம் இருக்கும்வரை ஓடும்.

“டீச்சர், தனியாக இன்ஸ்பெக்டரிடம் மட்டும் சொல்லிவிடட்டுமா? கூட்டத்தில் சொன்னால் எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிப்பார்களே” என்றேன்.

“சிரிக்கட்டுங்க.”