மிஹ்லார் மச்சானின் ஸலவாத்துப் பாட்டு

என் மூத்த சகோதரியைக் கட்டியவர் மிஹ்லார் மச்சான். குறிஞ்சிப்பிட்டியிலிருந்து தம்புள்ளைக்கு வெங்காயமும் மிளகாயும் ஏற்றிப்போகும் லொறியின் சாரதி. பாட்டு எழுதுவார். பாட மட்டும் ஏலாது. அவர் வாயைத் திறந்தால், ஏற்றத்தில் முதலாம் கியரில் திணறும் அவருடைய லொறிதான் ஞாபகத்துக்கு வரும். இதை அவருடைய முகத்துக்கு நேரேயே சொல்லியிருக்கிறேன். மைத்துனனுக்கு அந்த உரிமை உண்டு.

எங்கள் ஊரில் ஒவ்வொரு வருடமும் நபி பிறந்த ரபீஉல் அவ்வல் மாதத்தில் குடும்பங்கள் எல்லாம் ஒன்றுகூடும். பரம்பரையாக இங்கேயே இருக்கிற குடும்பங்களும், தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்து தங்கிவிட்ட குடும்பங்களும் பாடசாலை மண்டபத்தில் ஒன்றாக இருந்து ஓதி, மௌலவியின் பயான் உரை கேட்டு, ஒரே சஹன் தட்டில் கை வைத்துச் சாப்பிட்டுப் போகும். நபிகள் நாயகத்தின் மீது ஒரு புகழ்ப் பாட்டும் இருக்கும். அந்தப் பாட்டு எங்கிருந்தோ வந்த ஒலிப்பதிவு. கீபோர்ட் சத்தத்தோடு ஸ்பீக்கரில் அலறும், நாங்கள் கதிரைகளில் இருந்து வாயைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

இந்த வருடம் இசைக்கருவியே வேண்டாம் என்று பள்ளிவாசல் ஜமாஅத்துக் கூட்டத்தில் முடிவானது. கையால் தட்டுகிற றபானும் வேண்டாம், வாய்க்குரல் மட்டும் என்றார்கள். சரி, வாய்க்குரல் மட்டும் உள்ள ஒலிப்பதிவாகப் பார்த்துப் போனிலிருந்து போட்டுவிடலாம் என்றார் செயலாளர் ஹாசிம் ஹாஜியார். அப்போதுதான் மச்சான் எழும்பினார்.

"ஹாஜியார், எங்களுக்கு வாயிருக்கி. எத்தின வருஷத்துக்கு மத்தவன்ட வாயால புகழுற?"

"அப்ப பாட்டு?"

"நான் எழுதித் தாறன்."

மண்டபத்தில் சிலர் சிரித்தார்கள். ஹாஜியார் சிரிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சிக்கு முந்தின வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு எல்லாருக்கும் முன்னால் பாடிக் காட்டவேண்டும், சரிவராவிட்டால் போன்தான் என்றார். மச்சான் தலையை ஆட்டிவிட்டு இருந்தார். அவர் ஏன் எழும்பினார் என்று எனக்குத் தெரியும். வேறொன்றுமில்லை, ஆசைதான். தன் ஊர்ச் சனம் தங்கள் வாயால் பாடவேண்டும் என்ற ஆசை அவருக்கு எத்தனையோ வருடமாக உள்ளே கிடந்தது.

இசை இல்லாத பாட்டு லேசான வேலையில்லை. மச்சான் எனக்குச் சொல்லித்தான் இதெல்லாம் தெரியும். முதலில் மெட்டு. இரண்டு பக்கத்துக் குடும்பங்களுக்கும் தெரிந்த பழைய புகழ்ப் பைத்து ஒன்றின் மெட்டை எடுத்தார். புது மெட்டைச் சனம் ஒரு காலைக்குள் பிடிக்காது. அடுத்தது தாளம். தட்ட ஒன்றும் இல்லாத இடத்தில் சொல்லே தட்டவேண்டும். ஒரு வரிக்கு நாலு தட்டு; ஒவ்வொரு தட்டிலும் அழுத்தமான எழுத்து ஒன்று விழவேண்டும். மோனையும் எதுகையும் அழகுக்கு மட்டுமில்லை, பாடுகிறவன் தாளம் தவறாமல் பிடித்துக்கொள்ளும் கைப்பிடி அவைதான். எந்த இடத்தில் மூச்செடுப்பது என்றும் பார்க்கவேண்டும். கீபோர்ட் இருந்தால் பாடகன் மூச்செடுக்கும் இடைவெளியை அது நிரப்பிவிடும். இங்கே இடைவெளி விழுந்தால் சுருதியும் அதில் விழுந்துவிடும்.

எழுதி முடித்ததைப் பள்ளிவாசல் மௌலவியிடம் காட்டியபோது அவர் ஒரே ஓர் இடத்தில் விரலை வைத்தார். "எங்கள் குறைகளைத் தீர்த்திடுவீர்" என்று நபியிடம் கேட்பதுபோல ஒரு வரி இருந்தது.

"நபியப் புகழுங்க, தாராளமாப் புகழுங்க. தேவயக் கேக்கிறத அல்லாஹ்வுக்கிட்டக் கேளுங்க" என்றார்.

மச்சான் முகத்தைச் சுளித்தார். எழுதியவனுக்கு ஒரு வரியை வெட்டுவது பல்லைப் பிடுங்குவதுபோலத்தான். ஆனாலும் வெட்டினார். போன் கடை றிஸ்விதான் முன்பாட்டு. நல்ல கணீரென்ற குரல். பின்பாட்டுக்கு நானும் இன்னும் மூன்று பேரும். றிஸ்வியின் கடையை அடைத்துவிட்டு உள்ளேயிருந்து பழகினோம். அச்சாவாக வந்தது. நான்கூட மச்சானைப் புகழ்ந்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமை வந்தது. மண்டபத்தில் ஆண்கள் ஒரு பக்கம், திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் பெண்கள். றிஸ்வி தொடங்கினான்.

"முஹம்மது நபியின் முகமலர் போலொரு
முழுமதி உலகினில் உதித்திடுமோ"

முதல் சொல்லிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. நபியின் பேர் காதில் விழுந்தால் முஸ்லிமின் வாய் தானாகச் சொல்லும் வாழ்த்து ஸலவாத்து; மண்டபம் முழுதும் அதைச் சொன்னது. "ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம்." ஒருவர் வேகமாக, ஒருவர் இழுத்து, பெண்கள் பக்கம் ஒரு நேரம், பிள்ளைகள் ஒரு நேரம். அந்த முணுமுணுப்பில் றிஸ்வியின் வரி காணாமல் போனது. அவன் நிறுத்துவதா தொடர்வதா என்று தெரியாமல் அரைகுறையாக இழுத்தான். பின்பாட்டுக்காரர்களில் இருவர் ஸலவாத்துச் சொன்னோம், இருவர் பாடினார்கள். மறுபடி சேர்ந்தபோது நாலு பேரும் நாலு சுருதியில் நின்றோம். மூன்றாவது வரியில் திரும்பவும் நபியின் பேர், திரும்பவும் அதே கூத்து. பிடித்து நிறுத்த ஒரு கருவிகூட இல்லை. திரைச்சீலைக்குப் பின்னால் யாரோ ஒரு பிள்ளை சிரித்தது.

கடைக்குள் பழகியபோது எங்களுக்கு இது தோன்றவேயில்லை. பாடுகிற மும்முரத்தில் நாங்கள் மனதுக்குள் சொல்லிவிட்டு நகர்ந்திருந்தோம். கேட்கிறவனும் வாய் வைத்திருக்கிறான் என்பதை மறந்துவிட்டோம்.

ஹாஜியார் கெட்டவரில்லை. மெதுவாகத்தான் சொன்னார். "மிஹ்லார், பேர எடுத்துட்டு எழுதுங்க. இல்லாட்டி பாட்டு முடியுற வரைக்கும் சத்தம் போடாம இருங்க எண்டு சனத்துக்குச் செல்லுவம்."

மச்சானுக்குக் கோபம் வந்துவிட்டது. "பேரில்லாம என்ன புகழ்? அந்தப் பேரக் கேட்டு ஸலவாத்துச் செல்லாதீங்க எண்டு ஒரு முஸ்லிமுக்கிட்ட நான் செல்றதா?"

"அப்ப ஞாயித்துக்கிழம போன்தான். எனக்கு வேற வழியில்ல."

நான் மச்சானைப் பார்த்தேன். பாவமாக இருந்தது. உண்மையில் எனக்கு அழுகையே வந்தது.

மறுநாள் காலையில் லொறியில் நானும் ஏறிக்கொண்டேன். தனியாக விட்டால் வழியெல்லாம் மனம் உடைந்து ஓட்டுவார் என்று பயம். மதுரங்குளி சந்தியில் வேறு சாமான் ஏற்றவேண்டியிருந்ததால் முதலில் அங்கே போனோம். அவர் ஸ்டியரிங்கில் விரலால் தட்டித் தட்டி அந்த வரியையே பாடிக்கொண்டு வந்தார். முதலாம் கியர் குரல்தான். அவர் "முஹம்மது" என்று சொல்லும்போதெல்லாம் பக்கத்தில் இருந்த நான் என்னையறியாமல் ஸலவாத்துச் சொன்னேன்.

"டேய், ஒனக்கு வாய மூடு எண்டும் செல்லேலா!" என்று எரிந்து விழுந்தார்.

"அப்ப பேரச் செல்லாதீங்க, மச்சான்."

பிறகும் பாடினார். பிறகும் சொன்னேன். திடீரென்று லொறியை ஓரங்கட்டினார். பின்னால் வந்த பஸ்காரன் ஹோர்னை அமுக்கிக்கொண்டு போனான்.

"திரும்பச் செல்லு."

"என்னத்த?"

"ஸலவாத்த."

சொன்னேன். அவர் விரல் ஸ்டியரிங்கில் விழுந்தது. ஸல்லல் – லாஹு – அலைஹி – வஸல்லம். நாலு தட்டு. பாட்டின் ஒரு வரியும் நாலு தட்டு. இன்னொருமுறை சொல்லச் சொன்னார். இன்னொருமுறை. என் வாய் வலிக்கும்வரை சொல்லவைத்தார். பிறகு என் தலையைப் பிடித்து நெற்றியில் முத்தமிட்டார். கல்யாண வீட்டில்கூட அவர் எனக்கு அப்படிச் செய்ததில்லை.

பேரை எடுக்கத் தேவையில்லை. அது நிற்கும் இடத்தை மாற்றினால் போதும். மூன்று வரியை றிஸ்வி பாடுவது, மூன்றாவது வரியின் கடைசிச் சொல்லாகத்தான் பேர் வருவது, அதற்குப் பிறகு நாலாவது வரியைச் சபைக்கு வெறுமையாக விட்டுவிடுவது. முதல் வேகத்தில் அப்படித்தான் திட்டம் போட்டார். சாமான் ஏற்றும் நேரத்தில் எழுதிப் பார்த்தால் மூன்று வரிக்கு எதுகை சோடி சேரவில்லை. ஆகவே நாலு வரியும் றிஸ்விக்கு, ஐந்தாவது சபைக்கு என்று ஆக்கினார். பேர் "முஹம்மது" என்று குறிலில் முடிந்தால் இழுக்க முடியாது. "முஹம்மதரே" என்றால் கடைசியில் நெடில். சனம் வந்து சேரும்வரை அந்த "ரே"யை றிஸ்வி நீட்டிப் பிடிக்கலாம். அதையும் மெட்டின் அடிச் சுருதியில் இறக்கி வைத்தார். சாதாரணமாகச் சனம் முணுமுணுக்கும் உயரம் அதுதான். சபை அந்த வரியைச் சொல்லும் நேரத்தில் பாடகன் மூச்செடுத்துக்கொள்வான், சுருதியும் விழாது. பாட்டு முழுவதையும் பிரித்து மறுபடி கட்டவேண்டியிருந்தது. சந்தித் தேத்தண்ணிக் கடையில் தொடங்கித் தம்புள்ளை போய்ச் சேரும்வரை கட்டினார். அவர் சொல்லச் சொல்ல நான் போனில் றிஸ்விக்கு அனுப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் ஹாஜியாரிடம் போய் நின்றார்.

"ஒரே ஒருக்கா விடுங்க ஹாஜியார். சரிவராட்டி நானே ஒங்கட போனப் போட்டு விடுறன்."

ஹாஜியார் மௌலவியைப் பார்த்தார். மௌலவி தலையசைத்தார். சபைக்கு ஏதும் சொல்லிக்கொடுக்கவா என்று றிஸ்வி கேட்டதற்கு, வேண்டவே வேண்டாம் என்றார் மச்சான். அவர்களுக்குத் தெரியாத வரியா அது!

மண்டபம் நிறைந்து முற்றத்திலும் சனம் நின்றது. றிஸ்வி தொடங்கினான்.

"பாலையில் பூத்த பண்புடையார் – பிறர்
பசியினைத் தன்பசி யாயறிந்தார்
காலையும் மாலையும் கருணைசெய்தார் – எங்கள்
கண்மணி யான முஹம்மதரே"

"ரே" நீண்டது. சபை எப்போதும்போல ஸலவாத்துச் சொன்னது, எப்போதும்போலச் சிதறி. ஆனால் றிஸ்வி ஓடவில்லை. பின்பாட்டுக்காரர்கள் நாங்கள் நாலு பேரும் அந்த நாலு தட்டை மெட்டில் நிறுத்திச் சொல்லி முடிக்கும்வரை அவன் காத்திருந்தான். பிறகுதான் அடுத்தது.

"உப்புக் காற்றினில் உழைப்பவர்நாம் – உடல்
ஓய்ந்திடும் வேளையில் ஓதுகிறோம்
தப்பிதம் நீக்கிடும் நேர்வழியை – இத்
தரணிக்குச் சொன்ன முஹம்மதரே"

இந்தமுறை ஆண்கள் பக்கம் எங்களோடு சேர்ந்து விழுந்தது. உப்பு விளைவிக்கும் வாய்க்கால்காரரும் மீன்காரரும் தங்களுடைய வரி வந்ததில் நிமிர்ந்து இருந்தார்கள். மூன்றாவது முறை திரைச்சீலைக்கு அந்தப் பக்கமிருந்தும் வந்தது. நாலாவது முறை முற்றத்தில் நின்றவர்கள், சஹன் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தவர்கள், மடியில் இருந்த பிள்ளைகள் எல்லாரும் ஒரே சுருதியில், ஒரே தாளத்தில், "ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம்." கூரைத் தகடு அதிர்ந்தது. மன்னார்க் குடும்பம் எது, ஊர்க் குடும்பம் எது என்று எந்தக் காதுக்கும் பிரிக்க வராது. எனக்கு மயிர்க்கூச்செறிந்து பாட்டே மறந்துபோனது. நல்லவேளை, எங்களுடைய குரல் அங்கே யாருக்கும் தேவைப்படவில்லை.

பாட்டு முடிந்தது. சபை முடிக்கவிடவில்லை. "இன்னொருக்கா!" என்று முற்றத்திலிருந்து சத்தம் வந்தது. றிஸ்வி முதலிலிருந்து தொடங்கினான். ஹாஜியாரும் எழும்பி நின்று சொன்னார், கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

மச்சான் பின் கதவடியில் நின்று வாய்விட்டு அழுதார். நான் போய்ப் பிடித்துக்கொண்டேன். ஹாஜியார் சனத்தை விலக்கிக்கொண்டு வந்து அவருடைய கையைப் பிடித்தார்.

"மைக்குக்கு வாங்க மிஹ்லார். யாரு எழுதின எண்டு சனம் கேக்குது."

மச்சான் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. ஆனால் நகரவும் இல்லை.

"நல்ல வரிய நான் எழுதல்ல ஹாஜியார். அத அவங்க வரக்குள்ளயே கொண்டு வந்தாங்க. நான் எடம் மட்டுந்தான் விட்டன்."