கூட்டினால் சேராத பில்

ஸ்டேஷனரி கடையில் பில் போடும் அக்காவுக்குப் 'புள்ளி அக்கா' என்று பட்டப்பெயர். தசமத்தில் கை வைத்தால் எரிந்து விழுவார். பள்ளிக்கூடத்துக்குப் போன பில் அன்று திரும்பி வந்தது. ஒவ்வொரு பொருளுக்கும் அச்சான வரித்தொகையைக் கூட்டினால் 1.92 ரூபாய், அடியில் மொத்த வரியோ 1.91.

"ஒரு காசுதானேக்கா, விடுங்க," என்றார் இளம் முதலாளி.

"எப்படி விடுறது தம்பி? 10.10-க்கு நோட்டு, 10.10-க்கு பைல். ரெண்டுக்கும் அஞ்சு சதவீதம். வரி தலா 0.505, ரவுண்ட் பண்ணா 0.51. அஞ்சு ரூபா பேனாவுக்குப் பதினெட்டு சதவீதம், 0.90. தனித்தனியா ரவுண்ட் பண்ணி அச்சடிச்ச மிஷின், மொத்தத்துக்கு மட்டும் ரவுண்ட் பண்ணாததக் கூட்டியிருக்கு. அச்சுல இருக்கறதத்தான் கூட்டணும்!"

1.92 என்று திருத்தியதும் பள்ளிக்கூடம் பில்லை ஏற்றுக்கொண்டது.

முதலாளி சிரித்தார். "உங்க சம்பளத்தையும் ரவுண்ட் பண்ணிடலாமாக்கா?"

அக்கா தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "மேலயா, கீழயா? அதச் சொல்லுங்க முதல்ல."