லொரெய்ன் எழுதிய கட்டுரை

பள்ளி நூலகத்துக்கு வருவதற்கு முன்பு லொரெய்ன் ஆஷ்வொர்த் செருப்புத் தொழிற்சாலையில் சரிபார்ப்பு மேசையில் இருந்தார். வீட்டுக்குள் போடுகிற மெத்தென்ற செருப்புகள். ஒரு தையல் விலகியிருந்தாலும் தூக்கிக் கழிவுக் கூடையில் போடுவது அவர் வேலை. லங்காஷயரில் மற்ற ஆலைகள் மூடிய மாதிரி அதையும் மூடினார்கள். கடைசி நாளன்றுகூட அவர் ஒரு ஜோடியைக் கூடையில் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்.

மேட்டுத் தெருத் தொடக்கப்பள்ளியில் அவரை நூலக உதவியாளராக எடுத்தபோது, அங்கே இருந்தது ஓர் ஈரமான அறையும் முதுகு உடைந்த புத்தகங்களும்தான். இங்கிலாந்தில் சிறைச்சாலைக்கு நூலகம் இருந்தே ஆக வேண்டும் என்று சட்டம். பள்ளிக்கு அப்படி ஒரு சட்டமும் கிடையாது. லொரெய்ன் அதைப் பற்றிப் புலம்பவில்லை. சந்தைத் திடலில் உருளைக்கிழங்கு அடைத்த பட்டர் பை என்ற பலகாரத்தை விற்று நிதி திரட்டினார், புத்தகம் புத்தகமாகப் பிளாஸ்டிக் உறை போட்டார், ஒரே ஒரு விதி வைத்தார். புத்தகத்தைத் தொலைத்தாலோ கிழித்தாலோ, அதைச் சரிக்கட்டும் வரை அடுத்த புத்தகம் இல்லை. விதி கறாராக நடந்தது. சில வருடங்களில் மாவட்டத்திலேயே புத்தகம் தொலையாத நூலகம் என்று பெயர் வந்தது. தலைமையாசிரியர் கென்யன் வருகிறவர் போகிறவரையெல்லாம் அழைத்து வந்து அலமாரிகளைக் காட்டுவார். அவை உண்மையிலேயே நிறைந்து இருந்தன.

இந்த வருடம் பிப்ரவரியில் கென்யன் நூலக வாசலில் வந்து நின்றார். அவர் கையில் தேநீர்க் கோப்பை இருந்தால் நல்ல செய்தி இல்லை என்று அர்த்தம்.

"லொரெய்ன், பணம் இல்ல. இந்த ஒரு ரூம்லதான் ஹீட்டர் ஒழுங்கா வேலை செய்யுது. படிப்புல பின்தங்கின பிள்ளைங்கள இங்க உக்கார வெச்சுச் சொல்லிக்குடுக்கலாம்னு நிர்வாகக் குழு சொல்லுது."

"அப்ப புத்தகமெல்லாம்?"

"ஹால் ஓரமா பெட்டியில."

"நானு?"

கென்யன் கோப்பைக்குள் பார்த்தார். "நூலகத்தால படிப்பு ஏறுதுன்னு ஆதாரத்தோட ஒரு கட்டுரை எழுதிக் குடுங்க. குழு முன்னாடி வெச்சுப் பாப்போம்."

லொரெய்ன் பள்ளிப் படிப்பை விட்ட பிறகு எழுதிய மிக நீளமான விஷயம் தொழிற்சாலை ஓய்வூதியத்துக்கான புகார். ஆனாலும் உட்கார்ந்தார். நூலகத்தைப் பயன்படுத்தும் பிள்ளைகள் வாசிப்பில் முன்னே நிற்கிறார்கள் என்று நாலு நாட்டு ஆய்வுகள் சொல்வதைச் சேர்த்தார். கூடவே சொந்தச் சரக்கும் ஒன்று வைத்தார். அலுவலகத்தில் வாசிப்புத் தேர்வு மதிப்பெண்களைக் கேட்டு வாங்கி, தன்னிடம் புத்தகம் எடுக்கிறவர்களை ஒரு பக்கமும் எடுக்காதவர்களை ஒரு பக்கமும் போட்டுப் பார்த்தார். எடுக்கிறவர்கள் ஒரு வருடப் படிப்புக்கு மேல் முன்னால் இருந்தார்கள். லொரெய்னுக்கு அன்றைக்கு இரவு நன்றாகத் தூக்கம் வந்தது.

நிர்வாகக் குழுவில் பெற்றோர் சார்பாக நஸ்ரீன் மிர்சா இருந்தார். ஊர்க் கல்லூரியில் புள்ளியியல் சொல்லிக் கொடுப்பவர். கட்டுரையை முழுதாகப் படித்த ஒரே ஆள் அவர்தான் என்பது கூட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

"லொரெய்ன், ஒரு சந்தேகம். நல்லாப் படிக்கிற பிள்ளைங்கதானே தானா நூலகத்துக்கு வரும்? நூலகத்தால படிச்சாங்களா, படிக்கறதால வந்தாங்களா?"

"அது... ரெண்டும் இருக்கலாம்."

"சரி. எடுக்காத பிள்ளைங்க ஏன் எடுக்கல? பிடிக்கலையா?"

"அவங்களுக்கு அனுமதி இல்ல. பழைய புத்தகம் திரும்பி வரல."

"ஏன் வரல?"

பதில் லொரெய்னுக்குத் தெரியும். எல்லாம் தெரியும். ஒருத்தன் வீட்டில் வெள்ளம் வந்தது. இருவர் அப்பா வீட்டுக்கும் அம்மா வீட்டுக்கும் இடையே அலைகிறவர்கள். ஷெல்பி என்ற பெண்ணின் குடும்பம் வருடத்துக்கு ஒரு தற்காலிகக் குடியிருப்பு மாறுகிறது. மூன்றாம் வகுப்பில் தொலைத்தாள், இப்போது ஆறாம் வகுப்பு. வீட்டில் வேறு புத்தகமே இல்லாத பிள்ளைகளாகப் பார்த்து, தேடிப் பிடித்து, கறாராக வெளியே நிறுத்தியிருக்கிறார். பிறகு அவர்கள் படிப்பில் பின்தங்கியதைக் கட்டுரையில் ஆதாரமாக வைத்திருக்கிறார்.

வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது. செருப்பில் தையல் விலகியிருந்தால் கூடையில் போடலாம். இதை எங்கே போடுவது?

"அந்தக் கட்டுரையத் திருப்பிக் குடுத்துடுங்க," என்றார். "அது நூலகம் என்ன செய்யுதுன்னு சொல்லல. என் விதி என்ன செய்யுதுன்னு சொல்லுது."

கென்யன் கண்ணை மூடிக்கொண்டார். நஸ்ரீன் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்ப விதிய எடுத்துடுங்க. யார் வேணா, எத வேணா, எத்தன வேணா எடுத்துட்டுப் போகட்டும். ஜூன்ல பரீட்சை வெச்சுப் பாப்போம். அதுவரைக்கும் ரூம் இருக்கட்டும்."

அப்படியே நடந்தது. தடை நீங்கியதும் பிள்ளைகள் முதலில் நம்பவில்லை. ஷெல்பி வாசலிலேயே நின்றாள். லொரெய்ன் வாராவாரம் ஒவ்வொரு வகுப்பையும் அழைத்து வந்து, புத்தகம் தேர்ந்தெடுக்க உதவி, தானே கொஞ்சம் வாசித்தும் காட்டினார். அலமாரிகளில் காலி இடம் விழ ஆரம்பித்தது. தேநீர்க் கறையும் குழம்புக் கறையும் படிந்த புத்தகங்கள் திரும்பி வந்தன, சில வரவே இல்லை. ஒவ்வொரு கறைக்கும் லொரெய்னின் கை கழிவுக் கூடையைத் தேடிப் போய் பாதியில் நின்றது. கென்யன் விருந்தினர்களை அழைத்து வருவதை நிறுத்திவிட்டார்.

ஜூலைக் கூட்டத்தில் நஸ்ரீன் முடிவை வாசித்தார். முன்பு தடையில் இருந்த பிள்ளைகள் போன வருடத்தைவிட இந்த வருடம் வேகமாக முன்னேறியிருக்கிறார்கள்.

"அப்ப ஜெயிச்சுட்டோம்," என்றார் கென்யன்.

"இல்ல. கொஞ்சம் பிள்ளைங்கதான். அதோட ரொம்பக் கீழ இருக்கறவங்க அடுத்த தடவை எதுவும் செய்யாமலே கொஞ்சம் ஏறுவாங்க. ஆறாம் வகுப்புக்குப் புது டீச்சர் வேற. இது நூலகத்தாலன்னு நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"இல்லைன்னு போடுவீங்களா?"

"அதுவும் மாட்டேன்."

நிர்வாகக் குழுக்களுக்கு இப்படிப்பட்ட பதில் வந்தால் விஷயத்தைச் சரிபாதியாக வெட்டுவார்கள். இவர்களும் வெட்டினார்கள். அறை இன்னும் ஒரு வருடம் இருக்கும், லொரெய்னின் வேலை நேரம் பாதியாகும். லொரெய்ன் நன்றி சொன்னார். பாதி ஆளாக நன்றி சொல்வது எப்படி என்று அவருக்குத் தெரியவில்லை.

பள்ளி முடியும் கடைசி நாள் ஷெல்பி வந்தாள். செப்டம்பரிலிருந்து பெரிய பள்ளி. சட்டையெல்லாம் தோழிகள் பேனாவால் பெயர் எழுதியிருந்தார்கள். பைக்குள்ளிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து, தலையைக் குனிந்துகொண்டே மேசையில் வைத்தாள். மூன்றாம் வகுப்பில் தொலைந்த புத்தகம்.

அட்டை இல்லை. பக்கங்கள் ஓரமெல்லாம் சுருண்டு, பழைய செருப்பின் அடிப்பகுதி மாதிரித் தேய்ந்திருந்தன.

"தொலையல மிஸ். எடுத்த வாரமே தம்பி அட்டையக் கிழிச்சுட்டான். நீங்க ஒவ்வொண்ணையும் திருப்பித் திருப்பிப் பாப்பீங்களா... பயமா இருந்துச்சு."

"அப்புறம் இது எப்படி இவ்வளவு தேஞ்சுது?"

ஷெல்பி அவரை விசித்திரமாகப் பார்த்தாள்.

"வேற புக் குடுக்கலையே மிஸ். அதான் இதையே படிச்சுட்டு இருந்தேன்."

லொரெய்ன் புத்தகத்தைக் கையில் எடுத்தார். பழக்கதோஷம், முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். இந்த நூலகத்தில் இவ்வளவு படிக்கப்பட்ட புத்தகம் வேறு ஒன்று இல்லை என்று உடனே தெரிந்தது. மூன்று வருடமாகப் பட்டியலில் அது தொலைந்த புத்தகம்.

அதை அவர் அவளிடமே திருப்பிக் கொடுத்தார்.