வெட்டிய பதினாறு வருடங்கள்

இருபத்தாறு வருடம் நான் வேலை செய்த களஞ்சியம் மூடப்பட்டபோது எனக்கு ஐம்பத்துநான்கு வயது. அனுப்பிய விண்ணப்பங்களில் ஒன்றுக்கும் பதில் வரவில்லை. வயது தெரியக் கூடாது என்று மகள் சொன்னாள். ரெசுமேயில் கடைசிப் பத்து வருடத்தை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை வெட்டினேன். தலைக்கு மையும் பூசினேன்.

பிறகு, துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறிய கொம்பனியில் வேலை செய்யும் நண்பர் அழைத்தார்.

"அண்ணை, குளிர்க் கொள்கலன்களோட கனகாலம் மாரடிச்ச ஆள்தான் எங்கட முதலாளியம்மாவுக்கு வேணுமாம். உடன அனுப்புங்கோ."

உடனே அனுப்பினேன், அதே வெட்டிய ரெசுமேயை. அந்தத் தாளில் இருந்த இளையவனை எனக்குப் பிடித்துப்போயிருந்தது.

இரண்டு கிழமை கழித்து நண்பர் திரும்ப அழைத்தார்.

"ஏன் அண்ணை பத்து வருசம் எண்டு போட்டனீங்கள்? அவவுக்கு அது காணாதாம். பதினெட்டு வருசக்காரர் ஒராளை எடுத்திட்டா."

"ஆர் ஆள்?"

பெயரைச் சொன்னார். எங்கள் களஞ்சியத்துக்கு அவர் வந்த முதல் நாள், கொள்கலனின் வெப்பநிலையை எங்கே பார்ப்பது என்று சொல்லிக்கொடுத்தவன் நான். அந்த நாளும் நான் வெட்டிய வருடங்களுக்குள்தான் இருந்தது.