எழுத்தில்லாத பொங்கல் அட்டை

பலவேசம் பிறந்தது 1919 என்பார் அவர் தாயார். பள்ளிச் சான்றிதழில் 1921. தென்காசியில் கல்லச்சுக்கூடம் ஒன்றில் அவர் படம் வரையச் சேர்ந்தது 1946 ஆவணி என்பதில் மட்டும் சண்டையில்லை. சோப்பு உறை, பீடிக்கட்டுச் சீட்டு, தீப்பெட்டி என்று ஊரில் புழங்கிய பாதிப் படங்கள் அவர் கைவேலை. பதினோரு வருடத்தில் அந்தக் கை பிசகியதாக எவரும் சொன்னதில்லை. அந்தப் பெயர்தான் அவருடைய சொத்து.

1957 ஐப்பசியில் இலத்தூர்ச் செண்பகா நெய்க் கம்பெனி முதலாளி சிவசுப்பிரமணியன் அச்சுக்கூடத்துக்கு வந்தார்.

“பொங்கலுக்கு வாழ்த்து அட்டை வேணும், அண்ணாச்சி. பானை, பசு, கன்னு, சூரியன். பாத்தா நெய் உருகுத மாதிரி சூடா இருக்கணும். நீலம் ஆகாது. எழுத்து ஒண்ணுங்கூட வேண்டாம்.”

“எழுத்தில்லாம எப்படி, முதலாளி?”

“புனலூர் ஏஜெண்டு மலையாளத்துல அடிப்பான், மெட்ராஸ்காரன் இங்கிலீசுல அடிப்பான். அவனவன் பாஷைய அவனவன் போட்டுக்கிடட்டும். இது சரியா அமைஞ்சா டப்பா லேபிள் பூராவும் உம்ம கைக்குத்தான்.”

பலவேசம் வரைந்தார். பானைக்குப் பின்னால் உதிக்கும் சூரியன். ஆகவே படத்தின் இடப்பக்கம் வடக்கு. பால் அந்தப் பக்கம் பொங்கி வழிந்தது. பானையருகே ஒரு பெண், இடத்தோளில் முந்தானை, வலக்கையால் அரிசி இடுகிறாள். நீலமில்லாமல் பச்சை வராது; கரும்புத் தோகை காய்ந்த பொன்னிறத்தில் நின்றது. அது மட்டும் அவர் கண்ணை உறுத்தியது. முதலாளிக்கு அதுவும் பிடித்திருந்தது.

கல்லில் படம் இடம்வலம் மாறித்தான் இருக்க வேண்டும். தாளில் பதியும்போது நேராகும். அதற்காக மூலப்படத்தின் மேல் கண்ணாடித்தாளை விரித்துக் கோடெடுத்து, அந்தத் தாளைக் கவிழ்த்துக் காவிப்பொடியோடு கல்லில் ஒற்றுவார்கள். அந்தத் தடத்தின்மேல் கொழுப்பு மையால் வரைவார்கள். மஞ்சள், சிவப்பு, பழுப்பு என நிறத்துக்கொரு கல். முதல் கல்லின் கோடுகளையே மற்றக் கற்களுக்கும் ஒற்றி எடுப்பது முறை. பலவேசம் அன்று கண்ணாடித்தாளைக் கவிழ்க்காமல் ஒற்றிவிட்டார். இரு பக்கமும் ஒன்றுபோல் தெரியும் தாள் அது. மற்ற வேலைகளில் ஓர் எழுத்தாவது இருக்கும். அது கல்லில் நேராகத் தெரிந்தாலே கை நின்றுவிடும். இதில் எழுத்தே இல்லை. முதல் கல் தப்பியதால் மூன்றும் ஒற்றுமையாகத் தப்பின. சோதனைத்தாளைப் பார்த்தவர்கள் எல்லாரும் நிறத்தின் சூட்டைத்தான் பார்த்தார்கள்.

அச்சான ஐயாயிரம் அட்டைகளும் ஊர் ஊராகப் போன பிறகு, மார்கழிக் கடைசியில், மூலப்படத்தைப் பெட்டியில் வைக்கப் போனவர் பக்கத்தில் ஓர் அட்டையையும் வைத்தார். அட்டையில் அந்தப் பெண் இடக்கையால் அரிசி இட்டாள். முந்தானை வலத்தோளில் கிடந்தது. பால் தெற்கே வழிந்தது.

எமன் திசை.

“ஐயாத்துரை, இங்கன வா. இதப் பாரு.”

மிஷின் ஓட்டும் ஐயாத்துரை இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். “வாய மூடிக்கிட்டு இரும், அண்ணாச்சி. கண்டுபிடிக்க அதுல எழுத்தா இருக்கு?”

குற்றாலத்தில் முதலாளி வீட்டுப் பொங்கலுக்குப் பலவேசத்தையும் அழைத்திருந்தார்கள். முற்றத்தில் பானையைச் சுற்றி அத்தனை பேரும் மூச்சைப் பிடித்து நின்றார்கள். பால் நுரைத்து, விளிம்பில் தயங்கி, வடக்கே வழிந்தது. குலவைச் சத்தம் எழுந்தது. பலவேசத்துக்கு உயிர் வந்தது.

முதலாளியின் மனைவி நாச்சியார் சாமி விளக்கருகே சார்த்தியிருந்த அட்டையை எடுத்தார். பானையைப் பார்த்தார், மறுபடி அட்டையைப் பார்த்தார்.

“ஏங்க, இவ பீச்சாங்கையால்லா அரிசி போடுதா? பாலும் தெக்கால்ல போவுது?”

 முதலாளி அட்டையை வாங்கிப் பார்த்தார். “மிஷின்ல வந்த கோளாறா, அண்ணாச்சி?”

ஆமென்று ஒரு சொல் போதும். ஐயாத்துரை அங்கே இல்லை.

“இல்ல முதலாளி. என் கைதான்.”

“சரி. சாப்பிட்டுட்டுப் போரும்” என்றார் அவர்.

மாசியில் முதலாளியின் இலத்தூர்த் தொழுவத்தில் கோமாரி நோய் புகுந்தது. அந்த வருடம் சுரண்டை வரை எல்லாத் தொழுவத்திலும் கோமாரிதான். ஆனால் முதலாளியின் பதினான்கு பசுக்கள் படுத்தபின், பால் தெற்கே வழிந்த சகுனம் என்று பேச்சாகி, அட்டைகள் திரும்பி வரத் தொடங்கின. புனலூரிலிருந்து ஒரு கட்டு, சிவகிரியிலிருந்து ஒரு கட்டு. கடிதம் கிடையாது. கம்பெனி ஆள் அவற்றைப் பலவேசத்தின் மேசையில் படம் மேலே தெரிய வைத்துவிட்டுப் போவார். டப்பா லேபிள் வேலை வேறு ஊர் அச்சுக்கூடத்துக்குப் போயிற்று.

பலவேசம் மூன்று கற்களையும் பழைய படம் அழியத் தாமே மணல் போட்டுத் தேய்த்தார். மறு வாரம் பழுப்புக் கல்லில் ஒரு ஜவுளிக்கடைக் காலண்டரை ஏற்றினார்கள். முதல் தாளை உரித்த ஐயாத்துரை அதை அவரிடம் நீட்டினார். பட்டுப்புடவைக்காரியின் பின்னால், புகைபோல, அரிசி பிடித்த இடக்கை ஒன்று.

“கொழுப்பு உள்ள எறங்கியிருக்கும். இன்னும் ஆழமாத் தேய்க்கணும், அவ்வளவுதான்” என்றார் ஐயாத்துரை. குரலில் தெம்பில்லை.

மறுபடி தேய்த்தார்கள். மறுபடியும் அந்தக் கை மங்கலாக வந்தது. மூன்றாம் முறை பலவேசம் தேய்க்கவில்லை. கல்லைப் படம் கீழே இருக்கக் கவிழ்த்து, அச்சுக்கூடத்து வாசல்படியாகப் போட்டுவிட்டார்.

1966இல் தொழிலை விடும் வரை அவர் வரைந்த எல்லாப் படங்களிலும், வெட்டி எறியும் ஓரத்தில், ஓர் ‘அ’ இருந்தது. அது கல்லில் திரும்பியிருப்பதை விரலால் தொட்டுப் பார்த்த பிறகே மையைத் தொடுவார். அந்த வாசல்படியை மட்டும் அவர் கடைசிவரை மிதிக்கவில்லை; தாண்டியே போனார்.